பால் ஏன் பொங்குகிறது, ஏடு எப்படிப் படிகிறது: முதன்முதலாகப் பால் காய்ச்சுபவருக்கு

பக்கத்துப் பக்கத்து அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் இன்னொன்றில் பாலையும் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும், குதிக்கும், சத்தம் போடும். எவ்வளவு நேரம் விட்டாலும் விளிம்பைத் தாண்டி வராது. பால் ஆறேழு நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு, நீங்கள் கதவைத் திறந்து செய்தித்தாளை எடுத்து வருவதற்குள் அடுப்பு மேடையெல்லாம் ஓடியிருக்கும். இத்தனைக்கும் பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். மீதி 13 சதவீதத்தில் ஏதோ ஒன்று இந்த வேலையைச் செய்கிறது.

யாரிடம் கேட்டாலும் கொழுப்பு என்பார்கள். ஏடு படிவதும் கொழுப்பால்தான் என்பார்கள். இரண்டும் சரியில்லை. கொழுப்பை முழுக்க எடுத்துவிட்ட பாலும் நன்றாகப் பொங்கும். மெல்லியதாக ஏடும் கட்டும். பொங்க வைப்பதும் ஏடு கட்டுவதும் புரதம். கொழுப்பு அதில் வந்து மாட்டிக்கொள்கிறது. புரதம் வலை என்றால் கொழுப்பு மீன். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எப்போது தீயைக் குறைக்க வேண்டும், ஏடு வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும், வேண்டாமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

முதலில் பாத்திரம்

1 லிட்டர் பாலுக்குக் குறைந்தது 2 லிட்டர் கொள்ளும் பாத்திரம் எடுங்கள். இரண்டரை லிட்டர் என்றால் இன்னும் நல்லது. அடி கனமாக இருக்கட்டும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் வட்டம் மட்டும் சுரீரென்று சூடாகும், ஓரம் ஆறியே இருக்கும். அந்த வட்டத்தில்தான் பால் அடிப்பிடிக்கும். பாத்திரத்தைக் கழுவியதும் துடைக்காமல், உள்ளே ஈரம் இருக்கும்போதே பாலை ஊற்றச் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள். கொஞ்சம் உதவும். ஆனால் அடி கனமில்லாத குறையை அந்த ஈரம் ஈடுகட்டாது.

எந்தப் பால் என்பதையும் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டோன்டு என்று போட்டிருந்தால் 3 சதவீதம் கொழுப்பு, ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5, ஃபுல் கிரீம் என்றால் 6. ஹோமோஜினைஸ்டு என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏடு பற்றிப் பேசும்போது அது தேவைப்படும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்ச்சுரைஸ் ஆகித்தான் வருகிறது, அதாவது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் குளிர்வித்தது. கறந்த பாலை நேராக வாங்குபவர்கள் மட்டும் கொதிக்க வைக்காமல் குடிக்கவே கூடாது.

அடுப்பில் வைத்த பிறகு உள்ளே நடப்பது

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பால் 5 டிகிரி அளவில் இருக்கும். அதிலுள்ள கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. குளிரில் இந்தக் கொழுப்பு பாதி உறைந்திருக்கும். 40 டிகிரி வருவதற்குள் முழுவதும் உருகிவிடும். உருகினாலும் சவ்வு இருப்பதால் உருண்டைகள் பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும், எண்ணெய்போல ஒன்றுகூடி மிதக்காது. கொழுப்பு கதை இந்தக் கட்டத்தில் இவ்வளவுதான்.

புரதத்தின் கதைதான் நீளம். பாலில் இரண்டு வகைப் புரதம் உண்டு. ஐந்தில் நான்கு பங்கு கேசீன். ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் கால்சியத்தோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து குட்டி உருண்டைகளாக நீரில் மிதக்கின்றன. பால் வெள்ளையாகத் தெரிவதற்கு அவை ஒரு முக்கியக் காரணம். கேசீனுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. பால் புளிக்காமல் இருந்தால், கொதிக்கக் கொதிக்க விட்டாலும் அது திரியாது.

மீதி ஒரு பங்கு வே புரதம். காய்ச்சாத பாலில் எலுமிச்சை பிழிந்தால் கேசீன் திரிந்து கீழே நிற்கும், மேலே இளம்பச்சையாகத் தெளிந்த நீர் பிரியும் அல்லவா, அந்த நீரில் தங்குவது இது. உடற்பயிற்சிக் கூடம் போகிறவர்கள் டப்பாவில் வாங்கும் வே புரோட்டீனும் இதேதான். இது சூட்டைத் தாங்காது. இறுக்கிச் சுற்றிய நூல்கண்டுபோல இருக்கும் இந்த மூலக்கூறு, 70 டிகிரியைத் தாண்டியதும் பிரியத் தொடங்கும். கண்டுக்குள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளியே வரும். அவற்றில் கந்தகம் இருக்கும் இடங்கள் கொக்கிபோல வேலை செய்யும்: பக்கத்திலிருக்கும் இன்னொரு வே புரதத்தைப் பிடிக்கும், கேசீன் உருண்டையின் மேற்பரப்பையும் பிடிக்கும். காய்ச்சிய பாலுக்கென்று ஒரு வாசனை உண்டே, பச்சைப் பாலில் இல்லாதது? இந்தக் கந்தகம் வெளிப்படும் வாசனைதான் அதில் பெரும்பகுதி. அடுப்பிலிருந்து அந்த வாசனை வந்தால் பால் 75, 80 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று மூக்காலேயே அறியலாம்.

இந்தப் புரதம் சூட்டில் கட்டியாகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் சீம்பாலை நினைத்துக்கொள்ளுங்கள். கன்று ஈன்றதும் கறக்கும் அந்தப் பாலில் வே வகைப் புரதங்கள் சாதாரணப் பாலைவிடப் பல மடங்கு. அதனால்தான் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால் முட்டை வெந்ததுபோல அப்படியே கட்டியாகிவிடுகிறது. நம் அன்றாடப் பாலிலும் அதே காரியம் நடக்கிறது. அளவு குறைவு என்பதால் கட்டியாகத் தெரிவதில்லை, வலையாகத் தெரிகிறது.

மேலே விரியும் வலை

50, 60 டிகிரி தாண்டியதும் பாலின் மேற்பரப்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பளபளப்புக் குறைந்து ஒரு மங்கல் படர்ந்திருக்கும். மேல்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. நீர் போகிறது, புரதம் போவதில்லை. ஆகவே மேலே இருக்கும் மிக மெல்லிய அடுக்கில் மட்டும் புரதம் செறிவாகிக்கொண்டே வரும். போதாக்குறைக்குப் புரதத்துக்கு நீரும் காற்றும் சந்திக்கும் இடம் மிகவும் பிடிக்கும். அதன் ஒரு பகுதி நீரை விரும்பும், இன்னொரு பகுதி நீரை வெறுக்கும், மேற்பரப்பில் நின்றால் இரண்டுக்கும் வசதி. இப்படி நெருக்கியடித்து நிற்பவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படலமாகின்றன. கீழிருந்து மிதந்து வரும் கொழுப்பு உருண்டைகள் அதில் மாட்டுகின்றன. இதுதான் ஏடு.

இதே புரதம்தான் நுரைக்கும் சுவர் எழுப்புகிறது. தண்ணீரில் ஒரு குமிழி மேலே வந்தால் அடுத்த கணம் உடைகிறது, ஏனென்றால் அதன் சுவர் வெறும் நீர், வடிந்துவிடும். பாலில் வரும் குமிழியின் சுவரில் புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும். சூட்டில் கண்டு பிரிந்து கொக்கி மாட்டிய புரதம் என்பதால் சுவர் உறுதியாகிவிடும். ஒரு குமிழி உடையும் முன் பத்துக் குமிழி வந்துவிடும். அவை அத்தனைக்கும் மேல் ஏடு மூடிபோலக் கிடக்கிறது. ஆவி வெளியே போக வழியில்லாமல் ஏட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது.

அந்தச் சில விநாடி

பால் ஏன் இத்தனை திடீரென்று வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். என் வீட்டுப் பெரிய பர்னரில் 1 லிட்டர் டோன்டு பால் 5 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு வர ஏறக்குறைய 7 நிமிடம், அதாவது 420 விநாடி. பாலைத் தண்ணீராகவே வைத்துக்கொள்வோம். 1 கிராம் நீரை 95 டிகிரி ஏற்ற 95 கலோரி வேண்டும். 1,000 கிராமுக்கு 95,000. அதை 420ஆல் வகுத்தால் என் அடுப்பு விநாடிக்குச் சுமார் 226 கலோரியைப் பாலுக்குள் தள்ளுகிறது.

கொதிநிலை வரும்வரை இந்தச் சூடு முழுக்க வெப்பநிலையை ஏற்றுவதில் செலவாகிறது. வந்த கணத்திலிருந்து வெப்பநிலை ஏறாது. சூடெல்லாம் நீரை ஆவியாக்கப் போகும். 1 கிராம் நீர் ஆவியாக 540 கலோரி. ஆக, விநாடிக்கு 0.4 கிராம் நீர் ஆவியாகிறது. கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் 1 கிராம் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். 0.4 கிராம் என்றால் 0.7 லிட்டர், ஒவ்வொரு விநாடியும். உங்கள் 2 லிட்டர் பாத்திரத்தில் பாலுக்கு மேல் இருக்கும் வெற்றிடம் 1 லிட்டர். ஆவி முழுவதும் நுரைக்குள் மாட்டினால் ஒன்றரை விநாடியில் அது நிரம்பிவிடும். கொஞ்சம் ஆவி தப்பிப் போகும் என்பதால் மூன்று நான்கு விநாடி கிடைக்கும். அதற்குள் சமையலறைக்கு ஓடிவர யாராலும் முடியாது. பால் நாம் திரும்பும் நேரம் பார்த்துப் பொங்குகிறது என்று சொல்வது வீண்பழி.

கணக்கிலேயே மருந்தும் இருக்கிறது. தீயைக் கால்வாசியாக்கினால் ஆவியும் கால்வாசியாகும், விநாடிக்கு 0.2 லிட்டருக்கும் குறைவு. அந்த வேகத்தில் குமிழிகள் உருவாகும் அளவுக்கே உடைந்தும் போகும். பால் கொதிக்கும், பொங்காது. எனவே பொங்கும்போது அணைப்பது அல்ல வழி. கொதிப்பதற்குச் சற்று முன்னால் தீயைக் குறைப்பதுதான்.

எப்போது குறைப்பது

முதல் ஐந்து நிமிடம் நடுத்தரத்துக்கு மேல் தீ வைக்கலாம். இரண்டு முறை அடிவரை கரண்டி போட்டுக் கிளறுங்கள். இது மேலே படலம் சேராமலும் கீழே ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு அங்கேயே நிற்க வேண்டும். கைபேசியை எடுக்கக் கூடாது.

ஓரத்தில் பாசிமணிபோலக் குமிழிகள் சுற்றி வரும். பாலில் கரைந்திருந்த காற்று பிரிவதால் வருபவை இவற்றில் முதல் வரிசை; பயப்பட வேண்டாம். பிறகு அடியிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். அடியில் ஆவிக்குமிழி பிறக்கிறது, மேலே ஏறும்போது குளிர்ந்த பாலில் மாட்டி நசுங்கிப்போகிறது. அந்த நசுங்கும் சத்தம் அது. இந்தச் சத்தம் வரும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. சத்தம் தணிந்தால்தான் உஷாராக வேண்டும். குமிழிகள் இப்போது நசுங்காமல் முழுசாக மேலே வரத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதே நேரத்தில் ஏடு சுருங்கி, ஓரத்தில் பாத்திரத்தை விட்டு உப்பும். தீயைக் குறைக்க வேண்டிய கணம் இதுதான். ஏடு உப்பியதும் கை அடுப்பின் குமிழுக்குப் போய்விட வேண்டும்.

சிறுதீயில் கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு அணையுங்கள். அதற்கு மேல் கொதிப்பதால் பாக்கெட் பாலுக்கு வரும் நன்மை ஒன்றுமில்லை, தண்ணீர்தான் குறையும்.

அடுப்பைப் பொறுத்துச் சிறு வித்தியாசங்கள் உண்டு. எரிவாயுவில் தீயைக் குறைத்த கணமே சூடு குறையும். இண்டக்‌ஷனிலும் அப்படித்தான், ஆனால் அது பாத்திரத்தின் அடியையே சூடாக்குவதால் முழு வேகத்தில் வைத்தால் அடிப்பிடிக்கும்; பாதியில் வையுங்கள். வெளிநாட்டு வாடகை வீடுகளில் இருக்கும் மின்சுருள் அடுப்பில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அணைத்த பிறகும் சுருள் நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். அங்கே குமிழைத் திருப்பினால் போதாது, பாத்திரத்தையே தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் புதிதாகக் குடியேறியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த உயரத்தில் பால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் பழகிய நேரக்கணக்கு அங்கே செல்லாது.

மூடி போட்டு மட்டும் காய்ச்சாதீர்கள். ஆவி இன்னும் வேகமாக அடைபடும், ஏடு உப்புவது கண்ணிலும் படாது.

தடுக்கும் வித்தைகளில் எது எவ்வளவு

பாத்திரத்தின் குறுக்கே மரக்கரண்டியை வைத்தால் பொங்காது என்று சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. நுரை கரண்டியைத் தொடும்போது அது காய்ந்தும் குளிர்ந்தும் இருப்பதால் குமிழிச் சுவர் கிழியும், உள்ளே இருக்கும் ஆவி கொஞ்சம் குளிர்ந்து நீராகிவிடும். ஆனால் கரண்டி நனைந்து சூடேறியதும் அந்தக் குணம் போய்விடும். முழுத் தீயில் சில விநாடி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. விளிம்பில் விரலளவு நெய் தடவுவதும் இதே ரகம். கொழுப்பு நுரைக்குப் பகை. நெய் பட்ட இடத்தில் புரதச் சுவர் நிற்காது. நுரை மெதுவாக எழுந்தால் தடுக்கும், வேகமாக எழுந்தால் தாண்டிவிடும்.

பொங்கும்போது ஒரு கை தண்ணீர் தெளிப்பது உடனே பலிக்கும். நுரைக்குள் இருப்பது காற்றல்ல, நீராவி. குளிர்ந்தால் சுருங்கி நீராகிவிடும் என்பதால் நுரை அப்படியே அமுங்குகிறது. ஊதினால் அடங்குவதும் இதனால்தான். சோப்பு நுரையை ஊதிப் பாருங்கள், உள்ளே காற்று என்பதால் அமுங்காமல் நிற்கும்.

என்னைக் கேட்டால் ஆளில்லாமல் பால் காய்ச்ச ஏற்ற ஒரே சாதனம் பழைய பால் குக்கர்தான். இரட்டைச் சுவர், நடுவே தண்ணீர், விசில். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்ததும் விசில் அடிக்கும். அந்தத் தண்ணீரே 100 டிகிரிதான் என்பதால் உள்ளே இருக்கும் பால் அதை நெருங்குமே தவிர, அடியில் ஆவிக்குமிழி பிறக்கும் அளவுக்குக் கொதிக்காது. குமிழி இல்லை, ஆகவே பொங்கல் இல்லை. விசிலடித்தால் பால் கொதித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கொதித்தது வெளித் தண்ணீர். பால் நன்றாகச் சூடாக இன்னும் சில நிமிடம் சிறுதீயில் விடுங்கள். சுவருக்குள் தண்ணீர் ஊற்ற மறந்தால் குக்கர் கெடும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

பொங்கிவிட்டால் முதல் வேலை துடைப்பது அல்ல. குமிழை மூடுவது. வழிந்த பால் தீயை அணைத்திருக்கும், வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். சன்னலைத் திறந்து வாசனை போனபின், பர்னர் ஆறியதும் அதன் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த பால் துளையை அடைத்தால் அடுத்த நாள் தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக ஆடும், பாத்திரத்தின் அடி கரியாகும்.

பொங்கலன்று பானையில் பால் வழிந்தால் குலவையிடுகிறோம், புதுவீட்டில் பால் பொங்கினால் மகிழ்கிறோம். அதே பால் செவ்வாய்க்கிழமை காலையில் பொங்கினால் திட்டு விழுகிறது. புரதத்துக்கு நாள் தெரியாது.

ஏடு வேண்டுமா, வேண்டாமா

அணைத்த பிறகுதான் ஏடு தடிக்கிறது. சூடான பால், மேலே குளிர்ந்த காற்று, அசைவில்லாத மேற்பரப்பு: இந்த மூன்றும் இருந்தால் போதும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மூடாமல் வலைத்தட்டு கவிழ்த்து, ஆறும்வரை ஆட்டாமல் வையுங்கள். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் ஏடு தடித்துக் கரண்டியால் அள்ளும்படி நிற்கும். எருமைப்பால் என்றால் சொல்ல வேண்டியதில்லை. அதில் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம், உருண்டைகளும் பெரியவை, வேகமாக மேலே மிதந்து வலையில் சேரும்.

பாக்கெட்டில் ஹோமோஜினைஸ்டு என்று இருந்தால் இந்த முயற்சி வீண். அந்தப் பாலை மிக அழுத்தத்தில் நுண்ணிய இடுக்கு வழியே செலுத்திக் கொழுப்பு உருண்டைகளைச் சிதைத்திருப்பார்கள். அத்தனை சிறிய உருண்டைகள் மிதந்து மேலே வருவதில்லை. புரதப் படலம் படியும், ஆனால் காகிதம்போல மெல்லியதாக இருக்கும். ‘பாலில் தண்ணீர், ஏடே கட்டவில்லை’ என்று பால்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அந்தச் சொல்லைப் பாருங்கள்.

ஏடு எடுத்த பின் மீண்டும் சூடாக்கினால் மறுபடி ஏடு வரும். புதிய மேற்பரப்பு, புதிய ஆவி, புதிய வலை. பாசந்தி செய்பவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: சிறுதீயில் படலம் படியப் படிய ஓரத்துக்கு ஒதுக்கிச் சேர்த்து, கடைசியில் சுண்டிய பாலில் விடுவார்கள். திரட்டுப்பாலுக்கு நேர் எதிர். கைவிடாமல் கிளறி ஏடே படிய விடாமல் சுண்ட வைக்க வேண்டும். ஒரே பால், ஒரே தீ. கரண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதில்தான் இரண்டு இனிப்பும் பிரிகின்றன.

ஏடு பிடிக்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அணைத்ததும் ஐந்து நிமிடம் அவ்வப்போது கிளறுங்கள், அல்லது தட்டால் மூடுங்கள். மூடினால் மேலே ஈரக்காற்று நிறையும், நீர் ஆவியாவது குறையும், படலமும் குறையும். டபராவில் ஆற்றுவதும் இதையே செய்கிறது: மேற்பரப்பு ஒரு கணமும் நிற்பதில்லை. ஆனால் அதில் எழும் நுரை அதே புரதத்தின் வேலை. உயரத்திலிருந்து ஊற்றும்போது மாட்டும் காற்றைச் சுற்றி அது சுவர் கட்டுகிறது, இம்முறை உள்ளே ஆவி இல்லை, காற்று. அதனால்தான் டம்ளர் உங்கள் கைக்கு வரும்வரை நுரை நிற்கிறது.

தயிருக்கும் இந்தச் சூடு தேவை. காய்ச்சாத பாலில் உறை ஊற்றினால் தயிர் தளர்ந்து நீர் விடும். 85, 90 டிகிரி கண்ட பாலில் வே புரதம் கேசீன் உருண்டையோடு கொக்கி மாட்டியிருப்பதால், புளிக்கும்போது வலை நெருக்கமாகப் பின்னிக்கொண்டு நீரையும் பிடித்து வைக்கும். கத்தியால் வெட்டும் தயிருக்கு ஆரம்பம் உறைமோரில் இல்லை, முந்தின நாள் அடுப்பில்.

திரிந்தால், அடிப்பிடித்தால்

குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, கொதித்ததும் திரிந்துவிட்டது என்றால் பாத்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். பாலில் கிருமிகள் பெருகி லேசாகப் புளிப்பு ஏறியிருக்கும், நாக்குக்குத் தெரியாத அளவு. அந்தப் புளிப்பு கேசீன் உருண்டைகளை ஒன்றையொன்று விலக்கி வைக்கும் பாதுகாப்பைக் குலைக்கும். குளிரில் எப்படியோ தாங்கி நிற்பவை சூட்டில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் முழுப் பாலையும் வைக்காமல், குழிக்கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தீயில் காட்டிப் பாருங்கள். அங்கே திரிந்தால் எங்கேயும் திரியும். புதுப் பாலைப் பழைய பாலோடு கலக்காதீர்கள். புளிப்பு சேர்ந்தே வரும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிவதும் இதற்குப் பங்காளிதான், வெல்லத்தில் புளிப்பு உண்டு. பாயசத்துக்கு வெல்லப்பாகைத் தனியே காய்ச்சி, இரண்டும் சற்று ஆறிய பின் சேர்ப்பது அதனால்தான்.

அடிப்பிடித்தால் கரண்டியைக் கையில் எடுக்கவே கூடாது. சுரண்டினால் கருகல் முழுப் பாலிலும் பரவும். மேலே இருக்கும் பாலை அசைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். வாசனை ஏறவில்லை என்றால் பயன்படுத்தலாம். அடியில் ஒட்டியிருப்பது சூட்டில் கண்டு பிரிந்த அதே வே புரதமும் கால்சியமும், அதன்மேல் பாலின் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறியது. சூடு ஏற ஏற அது இன்னும் இறுகும் என்பதால் காலிப் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் வைக்க வேண்டாம். அடி மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் ஏடு ஏடாக உரிந்து வரும்.